மணலில் நடந்த பிறகு பாதத்தில் நகர்ந்த சிவப்புக் கோடு

கடற்கரைப் பயணம் முடிந்து திரும்பிய சில நாட்களில் என் வலது பாதத்தின் உட்பக்கம், குழிவு தொடங்கும் இடத்தில், சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அடுத்த நாள் அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பியிருந்தது, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம் இருக்கும், தோலுக்கு மேலே லேசாகப் புடைத்து, விரலால் தடவினால் தட்டுப்படுகிற அளவுக்கு. நேராகவும் போகவில்லை. ஈர மண்ணில் மண்புழு ஊர்ந்த தடம் எப்படி இருக்குமோ அப்படி வளைந்து, திரும்பி, ஓரிடத்தில் தன்னைத் தானே குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தது.

அரிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பகலில் செருப்பு போட்டு நடமாடும்போது தாங்கிக்கொள்ளலாம், ராத்திரி படுத்ததும் ஆரம்பிக்கும். பாதம் முழுக்க அரிக்காது, அந்தக் கோட்டிலும் அது போய் நிற்கும் முனையைச் சுற்றியும்தான் அரிக்கும், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். சொறிந்தால் ஒரு நிமிஷம் சுகம், அப்புறம் இரண்டு மடங்கு.

கோடு நீள்கிறதா, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று தெரிந்துகொள்ள, காலையில் எழுந்ததும் அதன் முனையில் பேனாவால் ஒரு குறுக்குக் கோடு போட்டேன். மறுநாள் காலை முனை அந்தக் குறியைத் தாண்டி ஒரு விரற்கடை போயிருந்தது. அங்கே இன்னொரு குறி. அதற்கும் மறுநாள் அதையும் தாண்டியிருந்தது, ஆனால் இந்த முறை கொஞ்சம்தான். ஒவ்வொரு குறியையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். இதே மாதிரி வந்திருக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தப் பேனாக் குறியைத்தான், ஏனென்றால் நோயைக் கண்டுபிடிக்கிற விஷயமே இந்த நகர்வில்தான் இருக்கிறது.

நடுவில் மருந்துக் கடையில் காட்டியபோது படர்தாமரை என்று சொல்லி பூஞ்சைக்கான களிம்பு கொடுத்தார்கள். நிறைய பேருக்கு இப்படித்தான் நடக்கிறது, சிவப்பாக, ஓரம் புடைத்து, அரிக்கிற எதைப் பார்த்தாலும் முதலில் படர்தாமரை என்றுதான் தோன்றும். ஆனால் படர்தாமரை வட்டமாக விரியும், விளிம்பு செதிலாக இருக்கும், நடுப்பகுதி தெளிந்துகொண்டே வரும், அது பெரிதாக நாட்கள் வாரங்கள் ஆகும். ஒரே ஒரு கோடாக, ஒரு ராத்திரியில் கண்ணுக்குத் தெரிகிற தூரம் நகராது. சொறிசிரங்கிலும் தோலுக்குள் சின்ன வளைகள் உண்டு, ஆனால் அவை சில மில்லிமீட்டர் நீளம்தான், விரலிடுக்கு, மணிக்கட்டு போன்ற இடங்களில் வரும், வீட்டில் மற்றவர்களுக்கும் ஒட்டும். களிம்பு போட்டும் என் கோடு அதன் வழியில் போய்க்கொண்டே இருந்தது.

தோல் மருத்துவரிடம் போனேன். பாதத்தை ஒரு தடவை பார்த்தார், பேனாக் குறிகளைப் பார்த்தார், "மணல்ல செருப்பு இல்லாம நடந்தீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் விசாரணை. ரத்தப் பரிசோதனை, தோலில் துண்டு வெட்டிப் பார்ப்பது எதுவும் தேவையில்லை என்றார். இதன் பெயர் கியூட்டேனியஸ் லார்வா மைக்ரான்ஸ், நாய் பூனைகளின் குடலில் இருக்கிற கொக்கிப்புழுவின் குட்டிப் புழு தோலுக்குள் அலைகிறது, என்று விளக்கினார்.

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பெரும்பாலும் காரணம் ஆன்சைலோஸ்டோமா பிரேசிலியன்ஸ் என்கிற கொக்கிப்புழு. இது நாய், பூனையின் குடலில் வாழும், முட்டைகள் அவற்றின் மலத்தோடு வெளியே வரும். மணல் வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருந்தால் முட்டை ஓரிரு நாளில் பொரிந்து, இன்னும் ஒரு வாரம் பத்து நாளில் தோலைத் துளைக்கக் கூடிய பருவத்துக்கு வரும். அந்தப் பருவத்தில் புழு அரை மில்லிமீட்டர் அளவுதான், கண்ணுக்குத் தெரியாது. இடம் சாதகமாக இருந்தால் சில வாரங்கள் மணலிலேயே காத்திருக்கும். அதற்குள் மலம் காய்ந்து மறைந்திருக்கும், மேலே பார்த்தால் மணல் சுத்தமாகத்தான் தெரியும்.

நாயின் உடலில் இந்தப் புழு தோலைத் துளைத்து, ரத்தத்தில் கலந்து, கடைசியில் குடலைப் போய்ச் சேர்ந்துவிடும். மனிதத் தோலில் அது மேல்தோலுக்குள் நுழைந்துவிடுகிறது, ஆனால் மேல்தோலுக்கும் அதன் கீழே இருக்கிற அடுக்குக்கும் நடுவில் உள்ள சவ்வை உடைக்க முடிவதில்லை. அதனால் உள்ளே போக வழி தெரியாமல் பக்கவாட்டில் சுரங்கம் தோண்டிக்கொண்டே போகிறது, நாளுக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரை. மனித உடலில் அது வளர்ந்து முட்டையிடவும் முடியாது. சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், தானாகவே செத்துவிடும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது என்று மருத்துவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது, வீட்டில் குழந்தை என் பக்கத்தில்தான் தூங்குகிறாள்.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது ஒன்று உண்டு. நம் கண்ணுக்குத் தெரிகிற சிவப்புக் கோடு புழு இல்லை. புழு கடந்துபோன பாதையில், அது விட்டுப்போனதை எதிர்த்து நம் தோல் வீங்கிய அடையாளம். தோல் அப்படிச் சிவக்க நேரம் பிடிக்கும் என்பதால் புழு எப்போதும் கோட்டின் முனையைத் தாண்டி, சில சமயம் ஒன்று இரண்டு சென்டிமீட்டர் முன்னால், சாதாரணமாகத் தெரிகிற தோலுக்குள் இருக்கும். எந்தத் திசையில் என்று சொல்ல முடியாது. முனையில் ஊசியால் குத்தி எடுக்கப் பார்ப்பவர்கள், பிளேடால் கீறுபவர்கள், சூடு வைப்பவர்கள், ஐஸ் கட்டியால் உறையவைக்கப் பார்ப்பவர்கள் எல்லோரும் புழு இல்லாத இடத்தில்தான் காயம் பண்ணுகிறார்கள். மருத்துவமனைகளில் முன்பு திரவ நைட்ரஜன் வைத்து முனையை உறையவைத்த காலம் இருந்தது, தோல் வெந்து புண்ணானதுதான் மிச்சம், புழு தப்பிப் போய்க்கொண்டே இருந்தது. தயவுசெய்து ஊசியை எடுக்காதீர்கள்.

எனக்குக் கொடுத்தது ஐவர்மெக்டின், ஒரே ஒரு வேளை. அளவு உடல் எடையைப் பொறுத்தது, கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், அறுபது கிலோ இருப்பவருக்கு 12 மில்லிகிராம் வரும். இல்லையென்றால் ஆல்பெண்டசோல் 400 மில்லிகிராம் தினமும், மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை கொடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்கும் பதினைந்து கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் ஐவர்மெக்டினை மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள், அதனால் வீட்டில் ஒருவருக்கு வாங்கிய மாத்திரையை இன்னொருவர் போடக் கூடாது. கால்நடைகளுக்கு விற்கிற ஐவர்மெக்டின் பக்கமே போக வேண்டாம், அதன் செறிவே வேறு.

மாத்திரை போட்ட அன்றும் பேனாக் குறி போட்டேன். அன்று ராத்திரியும் அரித்தது, கொஞ்சம் பதற்றமாகத்தான் இருந்தது. அடுத்த ஓரிரு நாளில் அரிப்பு நன்றாக இறங்கிவிட்டது, கோடு குறியைத் தாண்டவில்லை. ஆனால் சிவப்பு உடனே போகாது. புழு செத்த பிறகும் தோல் ஆற ஒரு வாரம் இரண்டு வாரம் ஆகும், பழைய பாதை பழுப்பாக மாறி உரிந்துதான் மறையும். இந்த இடத்தில்தான் பலர் மருந்து கேட்கவில்லை என்று பயந்து மறுபடி மாத்திரை விழுங்குகிறார்கள். பார்க்க வேண்டியது நிறத்தை இல்லை, முனை நகர்கிறதா என்பதை. சில நாள் கழித்தும் கோடு குறியைத் தாண்டிப் போனால் மருத்துவரிடம் திரும்பப் போங்கள், சிலருக்கு இரண்டாவது வேளை தேவைப்படும்.

சொறிந்து புண்ணாக்கிக்கொண்டால் அது தனிக் கதை. என்னோடு வந்த நண்பருக்கு அப்படித்தான் ஆனது. கணுக்காலுக்குக் கீழே வந்த கோட்டைத் தூக்கத்தில் நகத்தால் கிழித்து, அந்த இடம் சீழ் வைத்து, கால் சூடாக வீங்கி, கடைசியில் ஆன்டிபயாடிக் போட வேண்டி வந்தது. சீழ், சூடு, பரவுகிற வீக்கம், காய்ச்சல் என்று வந்தால் அது புழுவின் வேலை இல்லை, சொறிந்த புண்ணில் கிருமி புகுந்திருக்கிறது, அன்றைக்கே காட்ட வேண்டும்.

எங்கே பிடித்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் இடம் தெளிவாகத் தெரிகிறது. எங்கள் கூட்டத்தில் காலையும் மாலையும் அலை ஓரமாக, தண்ணீர் வந்து நனைத்துப் போகும் கெட்டி மணலில் மட்டும் நடந்தவர்களுக்கு எதுவும் வரவில்லை. அலை அடித்துக் கழுவுகிற இடத்தில் முட்டையும் புழுவும் தங்குவது கடினம். நானும் நண்பரும் மதிய வெயிலுக்கு ஒதுங்கி, அலைக்கோட்டுக்கு மேலே மரங்களுக்கு அடியில் போய் வெறுங்காலோடு உலாத்தினோம். நிழல், உள்ளே ஈரம், அலை எட்டாத மணல், அதே நிழலுக்காகக் குழி பறித்துப் படுத்திருந்த நாய்கள். புழுவுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு காலத்தில் குழாய் வேலை செய்பவர்களுக்கு இது முதுகிலும் முழங்கையிலும் வந்ததாம், வீட்டுத் தரைக்கு அடியில் பூனைகள் ஒதுங்கும் ஈர மணலில் ஊர்ந்து போய் வேலை பார்த்ததால். கால் என்று இல்லை, மணலில் எது படுகிறதோ அங்கே வரும், குழந்தைகளுக்கு உட்கார்ந்து விளையாடியதால் பின்புறத்திலும் தொடையிலும் வருவது சகஜம்.

அதனால் இப்போது கடற்கரைக்குப் போனால் நனைந்த மணலில் வெறுங்காலோடு தாராளமாக நடக்கிறேன். அலைக்கோட்டுக்கு மேலே ஏறும்போது செருப்பு. மரத்தடியில் படுக்க வேண்டுமென்றால் சாய்வு நாற்காலி, அல்லது தடிமனான பாய். ஈரத் துணியை மணலில் விரித்துக் காயவைப்பதில்லை, கொடியில் போடுகிறேன். குழந்தை மணல்வீடு கட்டுவதென்றால் அலை தொட்டுப் போகும் ஓரத்தில்.