ஷார்ட் கேஸில் ஹைப்போஸ்பேடியாஸ் வந்தால் வாயைத் திறக்கும் முன் விரைகளை எண்ணுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, சர்ஜரி பாஸ். பெரிய நிம்மதி. தியரி எப்படியோ தேறிவிடும் என்று தெரியும், பிராக்டிகல்தான் பயமாக இருந்தது. அதில் என்னைக் காப்பாற்றியது ஷார்ட் கேஸாக வந்த ஐந்து மாதக் குழந்தை. அடுத்த பேட்சில் பலர் இந்தக் கேஸைப் பற்றிக் கேட்டதால் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். ஹெர்னியா, தைராய்டு எல்லாம் எல்லோரும் படித்துவிட்டுத்தான் போவீர்கள், அதனால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

அட்டையில் எழுதியிருந்தது ஒரே வரி: "ஆண் குழந்தை, சிறுநீர் கீழ்ப்பக்கமாக வருகிறது." இதைப் பார்த்தவுடன் யாருக்கும் டயக்னோசிஸ் வந்துவிடும். அதுதான் ஆபத்து. ஹைப்போஸ்பேடியாஸ் என்று சொல்லிவிட்டு, படித்த வகைப்பாட்டை ஒப்பிக்கத் தொடங்கினால் எக்ஸாமினர் கேட்கப் போகும் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. அவர் கேட்கப் போவது "விரை இரண்டும் இருக்கிறதா?"

எனக்கு மனப்பாடம் சுத்தமாக வராது. கையால் தொட்டுப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் நிற்கும். ஆகவே என் வழி பரிசோதனையிலிருந்து தொடங்குகிறது. பட்டியல் போட்டுப் படிப்பவர்களுக்கு வேறு வழி சரியாக இருக்கலாம், ஆனால் இந்தக் கேஸில் பட்டியல் கைகொடுக்காது என்பதுதான் என் எண்ணம்.

குழந்தை அம்மாவின் மடியில் இருந்தான். கையைச் சூடாக்கிக்கொண்டு, அம்மாவிடம் சொல்லிவிட்டு, நாப்கினை அவிழ்த்தேன். முதலில் கண்ணில் பட்டது முன்தோல். மேல்பக்கம் மட்டும் மடிந்து தலைப்பாகை மாதிரி குவிந்து நின்றது, கீழ்ப்பக்கம் தோலே இல்லை. குறி கீழ்நோக்கி வளைந்திருந்தது. மொட்டின் நுனியில் ஒரு சின்னக் குழி தெரிந்தது. பலர் இதைத்தான் துவாரம் என்று நினைத்து "குறிமுனை வகை" என்று சொல்லிவிடுவார்கள். அது வெறும் குருட்டுக் குழி, மூடாமல் போன யூரித்ராவின் தரைப்பகுதி மொட்டில் வந்து முடியும் இடம். உண்மையான துவாரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கீழ்ப்பக்கத் தோலை இரண்டு விரல்களால் மெதுவாகப் பிடித்து உங்கள் பக்கம் இழுக்க வேண்டும், அப்போது வாய் திறந்து காட்டும். நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவன் சிறுநீர் கழித்துவிட்டான். அதைவிட நல்ல சாட்சி வேறு கிடைக்காது. தண்டும் விரைப்பையும் சேரும் மூலையிலிருந்து ஒரு மெல்லிய தாரை கிளம்பி நேராகத் தன் தொடையிடுக்கில் விழுந்தது. பீனோஸ்க்ரோட்டல். அதாவது புராக்சிமல் வகை.

இந்த இடத்தில் ஒரு விஷயம். மொத்த ஹைப்போஸ்பேடியாஸில் ஏறக்குறைய 70 சதவீதம் மொட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் லேசான வகை. அதில் குழந்தைக்குப் பெரிய பிரச்சினை இருக்காது, மற்றபடி ஆரோக்கியமாகவே இருக்கும். தேர்வுக்கு வருவது பெரும்பாலும் அதுதான். ஆனால் துவாரம் பின்னால் போகப் போக உங்கள் சிந்தனையும் மாற வேண்டும்.

ஏன் என்று புரிந்தால் மறக்காது. கருவில் ஏறக்குறைய 8 முதல் 14 வாரங்களுக்குள் கீழ்ப்பக்கத்து இரண்டு மடிப்புகளும் பின்னாலிருந்து முன்னால் ஒட்டிக்கொண்டே வந்து குழாயாக வேண்டும். அந்த ஒட்டல் டெஸ்டோஸ்டிரோனையும், அது மாறி உருவாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனையும் நம்பித்தான் நடக்கிறது. ஒட்டல் எங்கே நின்றதோ அங்கே துவாரம். முன்தோல் கீழே சேராமல் போவதும் கீழ்ப்பக்கத் திசு இழுத்து வளைவதும் இதே கதையின் மற்ற இரண்டு பகுதிகள். ஆக, ஒட்டல் மிகச் சீக்கிரமே நின்றிருந்தால், ஆண் ஹார்மோன் போதுமான அளவு சுரந்ததா, சுரந்தது வேலை செய்ததா என்ற கேள்வி தானாக வரும். ஹார்மோனைச் சுரப்பது விரை. அதனால்தான் விரையைத் தேடச் சொல்கிறேன்.

எப்படித் தேடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விரைப்பையை மட்டும் பிசைந்து பார்த்துவிட்டு "இல்லை" என்பவர்கள் நிறைய. குழந்தையின் கால்களைத் தவளை மாதிரி விரித்து வையுங்கள். ஒரு கை இடுப்பெலும்பு முனைக்கு உள்பக்கத்திலிருந்து இங்குவினல் வழியாகக் கீழே தடவிக்கொண்டே வரட்டும், மற்றக் கை விரைப்பையில் காத்திருக்கட்டும். மேலேயிருந்து தடவாமல் கீழேயிருந்து தேடினால் விரை மேலே ஓடிவிடும். விரல்களில் கொஞ்சம் சோப்புத் தண்ணீரோ ஜெல்லோ இருந்தால் வழுக்கிப் போகும் சின்ன விரைகூடத் தட்டுப்படும். இந்தக் குழந்தைக்கு வலது விரை பையில் இருந்தது. இடது எங்கும் இல்லை, பையிலும் இல்லை, இங்குவினலிலும் இல்லை.

அதைத்தான் முதல் வரியாகச் சொன்னேன். "மேடம், பீனோஸ்க்ரோட்டல் ஹைப்போஸ்பேடியாஸ், கார்டீ இருக்கிறது, வலது விரை பையில், இடது விரை தொட்டுணர முடியவில்லை." மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ இது வெறும் ஹைப்போஸ்பேடியாஸா?" என்று கேட்டார். இல்லை, பால் வளர்ச்சி வேறுபாடு உண்டா என்று பார்க்காமல் அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பக் கூடாது என்றேன். அங்கிருந்து கேஸ் என் பக்கம் வந்துவிட்டது.

இதை மூன்று நிலைகளாகப் பிரித்து வைத்துக்கொண்டால் போதும்:

- துவாரம் முன்னால், விரைகள் இரண்டும் பையில். கூடுதல் பரிசோதனை தேவையில்லை, சிறுநீரக ஸ்கேன்கூட வேண்டாம்.
- துவாரம் பின்னால், ஒரு விரை கிடைக்கவில்லை. கேரியோடைப், ஹார்மோன் பரிசோதனை, இடுப்பு அல்ட்ராசவுண்ட்.
- இரண்டு விரைகளும் கிடைக்கவில்லை. துவாரம் எங்கே இருந்தாலும், பிறந்த குழந்தை என்றால் அவசரம்.

மூன்றாவதைத்தான் மேடம் தோண்டினார். ஏன் அவசரம்? ஏனென்றால் அது ஆண் குழந்தையே அல்லாமல் இருக்கலாம். பிறவி அட்ரினல் மிகை வளர்ச்சி உள்ள பெண் குழந்தையில் அட்ரினல் சுரக்கும் ஆண் ஹார்மோன் கிளிட்டோரிஸைக் குறி மாதிரி வளர்த்துவிடும், பார்ப்பவருக்கு ஹைப்போஸ்பேடியாஸும் இறங்காத விரைகளும் உள்ள ஆண் குழந்தை மாதிரியே தெரியும். பெரும்பாலும் காரணம் 21-ஹைட்ராக்சிலேஸ் குறைபாடு. உப்பு இழக்கும் வகையாக இருந்தால் பிறந்த முதல் சில வாரங்களில், பெரும்பாலும் இரண்டாவது வாரத்தையொட்டி, வாந்தி, எடை குறைவு, சோடியம் சரிந்து பொட்டாசியம் ஏறுதல் என்று போய் உயிரே போய்விடும். எனவே 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன், எலெக்ட்ரோலைட், கேரியோடைப் உடனே வேண்டும், குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

"உன் கேஸில் அதை ஏன் முதலில் சொல்லவில்லை?" அடுத்த கேள்வி. ஒரு பக்கம் பைக்குள் உருண்டையாக ஒரு விரை கைக்குக் கிடைத்திருக்கிறது. சூலகம் இங்குவினலைத் தாண்டிப் பைக்கு இறங்குவது கிடையாது. ஆகவே அது விரைத் திசு உள்ள சுரப்பிதான், அட்ரினல் காரணம் ஏறக்குறைய அடிபட்டுப் போகிறது. அதற்குப் பதில் 45,X/46,XY மாதிரியான கலப்பு கேரியோடைப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே ஒரு பக்கம் விரை, மறு பக்கம் வளராத நார்ப்பட்டை மாதிரியான சுரப்பி இருக்கும், அதில் பிற்காலத்தில் கட்டி வரும் ஆபத்து உண்டு. கைக்குக் கிடைக்காத இடது பக்கத்தை அல்ட்ராசவுண்டை மட்டும் நம்பி விடாமல் லேப்ராஸ்கோப்பில் பார்ப்பது இதனால்தான். ஒரு விரலின் நுனியில் கிடைத்த தகவல் இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகும்.

ஹிஸ்டரியில் எல்லோரும் மருந்து, குடும்பம் இரண்டையும் கேட்பார்கள். பிறந்த எடையையும் கேளுங்கள். இந்தக் குழந்தை மாதம் நிறைந்து பிறந்தும் எடை 2.1 கிலோதான். கருவிலேயே வளர்ச்சி குன்றிய ஆண் குழந்தைகளிடம் ஹைப்போஸ்பேடியாஸ் அதிகம் காணப்படுகிறது. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்தாலும் வாய்ப்பு கூடும்.

சிகிச்சையில் ஒரு விஷயத்தைக் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: சுன்னத் செய்யக் கூடாது. அந்த முன்தோல்தான் பின்னால் குழாயை மூடவும் தோல் போர்த்தவும் தேவைப்படும் துணி, வெட்டி எறிந்துவிட்டால் சர்ஜனுக்குக் கை கட்டிப்போன நிலை. முன்தோல் முழுதாக இருந்தும் உள்ளே துவாரம் அகலமாகக் கீழே இருக்கும் ஒரு வகையும் உண்டு, அது தோலைப் பின்னால் இழுக்கும்போதுதான் தெரியவரும்.

அறுவைச் சிகிச்சை பொதுவாக 6 முதல் 18 மாதத்துக்குள். வளைவு குறைவாக இருந்தால் இருக்கும் தரைப்பகுதியின் நடுவே கீறி, அகலமாக்கி, குழாயாகச் சுருட்டுவது, ஸ்னாட்கிராஸ் 1994-இல் சொன்ன முறை. எங்கள் கேஸ் மாதிரி பின்னால் துவாரமும் கடுமையான வளைவும் இருந்தால் இரண்டு கட்டம்: முதலில் நிமிர்த்தி, முன்தோலை ஒட்டுத்தோலாக வைத்து, ஏறக்குறைய ஆறு மாதம் கழித்துக் குழாயாக்குவது. வளைவு எவ்வளவு என்பது மேசையில் சலைன் செலுத்திக் குறியை விறைக்கவைத்துப் பார்த்த பிறகே உறுதியாகும், ஆகவே வார்டில் டிகிரி சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அதன்பின் மேடம், "அம்மாவுக்கு என்ன சொல்வாய், இப்போதே சொல்" என்றார். அந்த அம்மா உடனே முந்திக்கொண்டு, "நான் மாசமா இருக்கும்போது ஏதாவது சாப்பிட்டதாலயா டாக்டர்?" என்று கேட்டுவிட்டார். நான் சொன்னது: "நீங்க செஞ்ச எதனாலும் இல்லம்மா. சிறுநீர் வெளியே வர்ற குழாய் முழுசா மூடாம நின்னுருக்கு, அதைச் சரி பண்ண முடியும். அதுக்கு முன்னாடி இன்னொரு விரை எங்க இருக்குன்னு பாக்கணும், அதுக்குச் சில ரத்தப் பரிசோதனை இருக்கு. முன்தோலை மட்டும் யார் சொன்னாலும் எடுக்க விடாதீங்க." கேரியோடைப் வருவதற்கு முன்னால் "கண்டிப்பா பையன்தான், கவலையே படாதீங்க" என்று உறுதி கொடுக்கவில்லை. அதை மேடம் கவனித்தார் என்று பின்னால் தெரிந்தது.

கடைசிக் கேள்வி, ஆபரேஷன் முடிந்து சிறுநீர் வடிகுழாயை எடுத்த பிறகு அம்மா எதைப் பார்த்தால் திரும்ப வர வேண்டும். இரண்டு பதில். சிறுநீர் போகும்போது நுனியைத் தவிர அடிப்பக்கத்தில் இன்னொரு இடத்திலிருந்தும் சொட்டினால் ஃபிஸ்டுலா, மிகவும் அடிக்கடி வரும் சிக்கல் அது, திசு இளகும்வரை மாதக்கணக்கில் காத்திருந்துதான் மூடுவார்கள். தாரை நூல் மாதிரி மெலிந்து, குழந்தை முக்கிக்கொண்டு வெகுநேரம் போனால் துவாரம் சுருங்கியிருக்கிறது, அதற்குக் காத்திருக்கக் கூடாது. சில நேரம் சுருக்கம்தான் ஃபிஸ்டுலாவுக்கே காரணம், முன்னால் வழி அடைபட்டால் அழுத்தம் பலவீனமான இடத்தைப் பிளந்துகொண்டு வரும், அதனால் ஃபிஸ்டுலாவை மூடும் முன் முன்வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதைச் சொல்லி முடித்ததும் மணி அடித்துவிட்டது.