எட்டு மாதம் பொறுங்கள் என்று சொன்னது

"அண்ணா, செக்கு வருமானம் சம்பளத்தத் தாண்டிடுச்சு. பேப்பர் போட்டுடட்டுமா?"

தை மாதக் கடைசியில் நோட்டும் கையுமாக வந்து அவர் கேட்டது இது. காவேரிப்பட்டணத்தில் வீட்டோடு ஒரு மரச்செக்கு, ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. பகலில் மனைவி ஓட்டுவார், ஷிப்ட் முடிந்து வந்து இவர் ஓட்டுவார். கணக்கு எழுதிக் கொடுக்கிற என் வேலையில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். அன்று நான் சொன்ன பதில்தான் இன்னும் உறுத்துகிறது: "எட்டு மாசம் பொறுங்க."

நோட்டுக் கணக்கில் பொய் கிடையாது. கிலோ 120 ரூபாய்க்கு வாங்கிய நிலக்கடலைப் பருப்பு 100 கிலோ ஆட்டினால் 40 லிட்டர் எண்ணெய், 55 கிலோ புண்ணாக்கு. எண்ணெய் லிட்டர் 320 வீதம் 12,800, புண்ணாக்கு கிலோ 40 வீதம் 2,200, ஆக 15,000. பருப்பு 12,000, கரண்ட், டப்பா, ஆள்கூலி 900 போக 2,100 நிற்கும். மாதம் சராசரியாக ஒரு டன் ஓடியது. விவசாயிகள் கொண்டுவரும் கடலையைக் கூலிக்கு ஆட்டியதில் மாதம் சுமார் 10,000. ஆக 31,000. கைக்கு வந்த சம்பளம் 27,000. தாண்டித்தான் இருந்தது.

ஆனால் அந்த 31,000 பன்னிரண்டு மாதத்தின் சராசரி. அப்படியே 31,000 வந்த மாதம் ஒன்றுகூட இல்லை. தீபாவளியை ஒட்டிய அக்டோபரில் 58,000, நவம்பரில் 52,000. அறுவடைக் கடலை கூலிக்கு வரும் ஜனவரியில் 46,000. ஜூனில் 14,000, ஜூலையில் 11,000, ஆகஸ்டில் 13,000. வேலையை விடலாமா என்ற கேள்வி பெரும்பாலும் நல்ல மாதத்தில்தான் வருகிறது. இவரும் ஜனவரி வசூல் கையில் இருக்கும்போதுதான் வந்தார். ஆடியில் கேட்டிருந்தால் கேள்வியே வேறாக இருந்திருக்கும்.

மந்தமான அந்த மூன்று மாதத்தைத் தனியாக எழுதிப் பார்த்தோம். வரவு 38,000. வீட்டுச் செலவும் வண்டித் தவணையும் மாதம் 24,000 என்றால் மூன்று மாதத்துக்கு 72,000. குறைவது 34,000. அதுவரை இந்தக் குறையைச் சம்பளம் மூடிக்கொண்டிருந்ததால், அப்படி ஒரு குறை இருப்பதே நோட்டில் தெரியவில்லை. சம்பளம் நின்றால் அந்த 34,000 பருப்பு வாங்க வைத்த முதலிலிருந்துதான் போகும். 280 கிலோ பருப்பு, அதாவது 110 லிட்டருக்கு மேல் எண்ணெய். அதுவும் எந்த நேரத்தில்? மானாவாரிக் கடலை வருவதற்கு முன்னால், பருப்பு விலை ஏறி நிற்கும்போது, தீபாவளிக்கு ஆட்டி வைக்க வேண்டிய சமயத்தில். வீடு ஆடியில் தின்ற பணம் ஐப்பசி விற்பனையில் குறையும். அப்புறம் எந்த மாதத்தில் அதைச் சரிக்கட்டுவது?

இதை அவர் உடனே பிடித்துக்கொண்டார். வெளியே நின்ற பாக்கியைக் கேட்டபோதுதான் முகம் சுருங்கியது. மளிகைக் கடைகளில் அந்த ஆண்டு மட்டும் 48,000 நின்றிருந்தது. அதையும் லாபமாக எழுதியிருந்தார். வந்து சேரும்வரை அது லாபமில்லை. மாதம் 4,000 கழிந்தது. உரலும் உலக்கையும் தேயும், மோட்டார் காயில் எரியும், அதற்கு 2,000. மிச்சம் 25,000.

சம்பளப் பக்கம் கைக்கு வராததையும் சேர்த்தோம். பி.எஃப்பில் அவர் பங்கும் கம்பெனி பங்குமாக 3,600. வெளியில் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தால் ஆண்டுக்கு 20,000 கேட்டார்கள், மாதம் சுமார் 1,700. வேலையை விடும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டிக்கு மாதம் 720 சேர்கிறது. எல்லாம் கூட்டினால் 33,000. அதாவது வருமானம் சம்பளத்தைத் தாண்டவில்லை, 8,000 பின்னால்தான் இருந்தது.

எட்டு மாதம் என்றது கிராஜுவிட்டியால். அவருக்கு நான்கு வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. ஐந்து வருடம் முடிந்தால் கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து 15 ஆல் பெருக்கி, அதை வருடங்களால் பெருக்க வேண்டும். 15,000 அடிப்படைக்கு 43,269 ரூபாய். ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. ஆனால் முழு ஐந்து வருடம் கேட்கிற கம்பெனிகளும் இருக்கின்றன. இந்தத் தொகைக்காக வழக்கு நடத்த முடியாது என்று முழுக் கணக்கையே சொன்னேன். செப்டம்பரில் ஐந்து வருடம் முடியும், அதற்குள் ஆடியும் கடந்திருக்கும், தீபாவளி ஓட்டத்தோடு வெளியே வரலாம். காகிதத்தில் எல்லாம் பொருந்தியது.

மார்ச்சில் ஓர் இனிப்புக் கடைக்காரர் மாதம் 200 லிட்டர் கேட்டு வந்தார். காலை பத்து மணிக்குள் சரக்கு இறங்க வேண்டும். பகல் ஷிப்ட் வாரங்களில் இவரால் முடியாது, மனைவியால் செக்கை விட்டு நகர முடியாது. ஆர்டர் வேறு செக்குக்குப் போனது.

அங்கேதான் என் கணக்கு இடிக்கிறது. ஆனி, ஆடி மந்தத்தை மழை, வெயில் மாதிரி மாறாத ஒன்றாக எடுத்துக்கொண்டேன். ஆள் பகலில் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பிரித்துப் பார்க்கவில்லை. மாதம் 200 லிட்டருக்கு 500 கிலோ பருப்பு; மொத்த விலையில் லிட்டருக்கு 20 குறைத்துக் கொடுத்தாலும் 6,500 நின்றிருக்கும், ஆடியிலும் நின்றிருக்கும். இதைச் சோதிக்க வழி இருந்தது. சேர்ந்து கிடந்த லீவில் பதினைந்து நாள் எடுத்து, பகல் முழுக்கச் செக்கில் நின்று, விற்பனை ஏறுகிறதா என்று ஜூனிலேயே பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்தக் கடைக்காரர் கேட்டது 45 நாள் கடன் என்பதும் உண்மை. லிட்டர் 300 வீதம் ஒன்றரை மாதச் சரக்கு, 90,000 ரூபாய் எப்போதும் வெளியில் நிற்கும். சம்பளமும் இல்லாமல் அதைத் தாங்கியிருக்க முடியுமா? முடியாது என்றுதான் ஒவ்வொரு முறை போட்டுப் பார்க்கும்போதும் வருகிறது. அப்புறம் ஏன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன் என்று தெரியவில்லை.

அந்த ஆடியில் இன்னொன்றும் நடந்தது. சரியாகக் காயாத பருப்பு வந்துவிட்டது. தேய்த்தால் சிவப்புத் தோல் உரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஈரம். வாங்கியபோது இவர் ஷிப்டில். மனைவி தனியாக, அவசரத்தில் இறக்கியிருக்கிறார். 100 கிலோவுக்கு 36 லிட்டர்தான் இறங்கியது. நாலு லிட்டர் குறைந்தால் 2,100 லாபத்தில் பாதிக்கு மேல் போய்விடும். சம்பளம் இருந்ததால் தாங்கினார்கள். வேலை இல்லாமல் வீட்டில் இருந்திருந்தால் அந்த மூட்டையை இறக்கியே இருக்க மாட்டார் என்றும் சொல்லலாம்.

செப்டம்பரில் ஐந்து வருடம் முடிந்தது. நான் போன் செய்தேன். "தீபாவளி முடியட்டும்ணா" என்றார். தீபாவளி முடிந்து, "பொங்கல் போனஸ் ஒண்ணு இருக்கு." போன வாரம் வந்தபோது நோட்டில் ஒரு புதுப் பத்தி இருந்தது: வெளியே நிற்கும் பாக்கி, மாதாமாதம் தனியாக. 48,000 இப்போது 19,000. ஆடிக்கென்று 40,000 தனியாக வங்கியில். நான் சொன்னதை எல்லாம் செய்திருக்கிறார். பேப்பர் மட்டும் இன்னும் போடவில்லை. எப்போது என்று கேட்க வாய் வந்தது. கேட்காமல் நோட்டை மூடிக் கொடுத்தேன்.