ருபெல்லா பாசிட்டிவ், ஆனால் தட்டம்மைக்கு?

எனக்கு அப்போது 15 வார கர்ப்பம். சனிக்கிழமை அக்கா பையனை மடியில் வைத்துக்கொண்டு மதியம் முழுக்க ஒரே அறையில் இருந்தேன். அவனுக்கு மூக்கு ஒழுகியது, கண் சிவந்திருந்தது, சாதாரண சளி என்று விட்டுவிட்டோம். திங்கள் மாலை காதுக்குப் பின்னால் ஆரம்பித்து முகமெல்லாம் சிவப்புத் தடிப்பு. செவ்வாய் இரவு அக்கா அழுதுகொண்டே போன் செய்தாள், டாக்டர் தட்டம்மை மாதிரி இருக்கிறது என்கிறாராம்.

தடிப்பு வருவதற்கு 4 நாள் முன்பிருந்தே அது பரவும் என்பதால் சனிக்கிழமை கணக்கில் வந்துவிட்டது. நான் சின்ன வயதில் ஊசி போட்டேனா என்று அம்மாவுக்கு நினைவில்லை, அட்டையும் இல்லை. இவர் மட்டும் என் ஃபைலை எடுத்துக் காட்டி, "ஐஜிஜி பாசிட்டிவ்னு போட்டிருக்கே, பயப்படாதே" என்றார். ஐஜிஜி என்றால் ரத்தத்தில் நோய்க்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் என்பதால் நானும் நம்பிவிட்டேன். நல்லவேளை, புதன் காலை டாக்டரிடம் போனிலேயே அதைப் படித்துக் காட்டினேன். அது ருபெல்லா என்கிற ஜெர்மன் தட்டம்மைக்கு எடுத்த டெஸ்ட், தட்டம்மை வேறு வைரஸ், ஒன்றுக்கு எதிர்ப்பு இருப்பதால் மற்றதற்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். நேராக ஓபிக்கு வந்து மற்ற கர்ப்பிணிகளோடு உட்கார வேண்டாம், மாஸ்க் போட்டுப் பக்கவாட்டு வாசலுக்கு வாருங்கள் என்றும் சொன்னார்.

அன்றே தட்டம்மை ஐஜிஜிக்கு ரத்தம் எடுத்தார்கள். பாசிட்டிவ் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். இல்லையென்றால் தட்டம்மைக்கான எம்எம்ஆர் தடுப்பூசி போட முடியாது, அது உயிருள்ள வைரஸ், கர்ப்பத்தில் கூடாது. மிச்சமிருப்பது இம்யூனோகுளோபுலின், அதாவது மற்றவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பணுக்களை நரம்பு வழியாக ஏற்றுவது. அதையும் தொடர்பு ஏற்பட்ட 6 நாளுக்குள் செய்ய வேண்டும். எனக்குக் கெடு வெள்ளிக்கிழமை.

வியாழன் மாலை ரிசல்ட் வந்தது, நெகட்டிவ். இரவே அட்மிட். கிலோவுக்கு 400 மில்லிகிராம், நான் 58 கிலோ, ஆக 23 கிராம் சொச்சம். முதலில் சொட்டுச் சொட்டாக விட்டு, காய்ச்சல், பிரஷர் பார்த்துப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டினார்கள். விடியும்போது தலைவலி மண்டையைப் பிளந்தது, மற்றபடி ஒன்றுமில்லை.

ருபெல்லாவாக இருந்து எதிர்ப்பும் இல்லாமல் போயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதற்கு இப்படி நம்பி ஏற்ற மருந்து கிடையாது, சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, தொற்றியதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி, முதல் 12 வாரத்தில் தொற்றினால் குழந்தைக்கு ஆபத்து மிக அதிகம் என்றார். என் ஃபைலில் இருந்த அந்த ஒரு வரியின் மதிப்பு அப்போதுதான் புரிந்தது.

இதை ஏற்றிவிட்டால் நோயே வராது என்று உறுதி இல்லை, வந்தாலும் கடுமை குறையலாம். வெளிப்படுவதும் தள்ளிப்போகலாம் என்பதால் 21 நாள் அல்ல, 28 நாள் காத்திருக்கச் சொன்னார்கள். தினமும் இரண்டு வேளை காய்ச்சல் பார்த்து எழுதினேன், கண்ணாடியில் காதுக்குப் பின்னால் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. எதுவும் வரவில்லை. எம்எம்ஆர் ஊசி பிரசவத்துக்கு அப்புறம்தான், அதுவும் இந்த டிரிப்ஸ் ஏற்றி 8 மாதம் கழிந்த பிறகு. அதற்கு முன் போட்டால் ஏற்றிய எதிர்ப்பணுக்களே ஊசியை வேலை செய்யவிடாதாம்.