தோழி மறைத்தாளா, தளம் மறைத்ததா: ஒரு வாரம் சோதித்துப் பார்த்த கதை

என் நீண்ட நாள் தோழி ஒருத்தி பென்சிலில் வரைந்து, அந்தப் படங்களை இன்ஸ்டாகிராமில் பகிர்ந்துவருகிறாள். அவள் எதைப் போட்டாலும் கீழே முதல் ஆளாக எழுதுவது நானாகத்தான் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தம்பி அவள் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "என்னக்கா, இதுக்கு நீ ஒண்ணுமே எழுதலையா?" நான் முதல் நாளே எழுதியிருந்தேன். என் போனில் அது இருந்தது, அவன் போனில் இல்லை. இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. அவள் என்னைத் தடுத்துவிட்டாள் என்றுதான் உடனே தோன்றியது.

அந்தப் பதற்றத்தில் முதலில் செய்தது பெரிய தவறு. "உங்களை யார் பிளாக் செய்தார்கள் என்று காட்டுகிறோம்" என்று சொல்லும் ஒரு ஆப்பை இறக்கி, என் கணக்கின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அதில் கொடுத்தேன். அது பதினொரு பெயர்களைப் பட்டியல் போட்டது. அதில் தோழியின் பெயர் இல்லை. அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பது பிறகுதான் புரிந்தது. என்னை யார் தடுத்தார்கள் என்ற விவரத்தை இன்ஸ்டாகிராம் வெளி ஆப்புகளுக்குக் கொடுப்பதில்லை. அந்த ஆப்பால் செய்ய முடிவதெல்லாம் என்னைப் பின்தொடர்பவர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு மறுபடியும் எடுத்து ஒப்பிடுவதுதான். ஒரு பெயர் காணாமல் போனால் அவர் தடுத்திருக்கலாம், பின்தொடர்வதை நிறுத்தியிருக்கலாம், கணக்கையே மூடியிருக்கலாம். மூன்றும் அந்த ஆப்புக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

தம்பிதான் சரியான கேள்வியைக் கேட்டான். "மத்தவங்க பதிவுல நீ எழுதினா எனக்குத் தெரியுதான்னு பார்த்தியா?" நான் பார்க்கவே இல்லை. ஒரு மனிதர் என்மேல் வைக்கும் தடை அவர் வீட்டு வாசலில் மட்டும்தான் இருக்கும். தளம் வைக்கும் கட்டுப்பாடு என் கூடவே வரும், நான் எந்த வாசலுக்குப் போனாலும் இருக்கும். அதனால் ஒரே ஒரு வாசலில் நின்று பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

நான் பயன்படுத்தும் தளத்தில் ஒருவர் இன்னொருவரைத் தள்ளிவைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. பிளாக் செய்தால் அவர் பக்கமே எனக்குத் திறக்காது, அவர் பதிவுகளில் நான் முன்பு எழுதியவையும் போய்விடும். ரெஸ்ட்ரிக்ட் இதைவிட மென்மையானது. எல்லாம் வழக்கம்போலத் தெரியும், எழுதவும் முடியும். ஆனால் நான் புதிதாக எழுதுவது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அவர் அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். என் தனிச்செய்திகள் அவருடைய வழக்கமான பெட்டிக்குப் போகாமல், கோரிக்கைகள் பகுதியில் போய் உட்காரும். அவர் படித்தாலும் படித்த அடையாளம் எனக்கு வராது. இவற்றில் எதற்கும் எனக்கு அறிவிப்பு கிடையாது. தோழியின் பக்கம் எனக்குத் திறந்தது. என் பழைய வரிகள் தம்பியின் போனிலும் அப்படியே இருந்தன. ஆகவே பிளாக் இல்லை என்பது அப்போதே தெளிவானது.

இது தளத்துக்குத் தளம் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். எக்ஸ் தளத்தில் தடுத்தவரின் பக்கத்துக்குப் போனால் தடுக்கப்பட்டிருப்பதைத் திரையே சொல்லிவிடும். 2024 நவம்பருக்குப் பிறகு அங்கே தடுக்கப்பட்டவராலும் பொதுப் பதிவுகளைப் படிக்க முடிகிறது, பதில் எழுதத்தான் முடியாது. வாட்ஸ்அப் இதற்கு நேர்மாறு. அங்கே ஒரு டிக் மட்டும் விழுவது, கடைசியாக வந்த நேரம் தெரியாமல் போவது எல்லாம் தடையின் அறிகுறிகளாக இருக்கலாம், வேறு காரணங்களாலும் வரலாம். தடுத்தவரின் தனியுரிமையைக் காக்க வேண்டுமென்றேதான் இதைத் தெளிவில்லாமல் வைத்திருக்கிறோம் என்று அந்த நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. அது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். தொல்லை தாங்காமல் ஒருவரைத் தள்ளிவைக்கும் பெண்ணுக்கு, அது அவருக்குத் தெரியாமல் இருப்பதே பெரிய காப்பு.

சரி, சோதனைக்கு வருகிறேன். "நிழல் நன்றாக வந்திருக்கிறது" என்ற ஒரே வரியை எடுத்துக்கொண்டேன். இணைப்பு, ஹேஷ்டேக், எமோஜி எதுவும் சேர்க்கவில்லை. அவற்றாலேயே வடிகட்டியில் சிக்கலாம். தோழியின் படம் ஒன்றின் கீழே அதை எழுதினேன். எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத, எல்லோருக்கும் திறந்திருக்கும் இரண்டு ஓவியக் கணக்குகளிலும் எழுதினேன். பத்து நிமிடம் கழித்துத் தம்பி தன் போனில் மூன்றையும் திறந்தான். கருத்துகளைப் புதியவை முதலில் வரும்படி மாற்றிக்கொண்டு கடைசிவரை உருட்டிப் பார்த்தான். இதைச் செய்யாமல், கீழே புதைந்து கிடப்பதை மறைக்கப்பட்டதாக நினைத்துவிடுவது மிகச் சுலபம். மூன்றிலுமே என் வரி இல்லை.

தோழியைத் தெரியாத இருவரின் பக்கத்திலும் நான் மறைந்திருக்கிறேன் என்றால் அது அவள் வேலை இல்லை. மனசு லேசானது. அப்போதுதான் சனிக்கிழமை நடந்தது ஞாபகம் வந்தது. என் பதிவு ஒன்றுக்கு நிறைய வாழ்த்துகள் வந்திருந்தன. "ரொம்ப நன்றி" என்பதைக் காப்பி செய்து ஒவ்வொருவருக்கும் கீழே வரிசையாக ஒட்டிக்கொண்டே போனேன். நாற்பதைத் தாண்டியபோது, பிறகு முயலுங்கள் என்று ஒரு பெட்டி வந்தது. படிக்காமல் மூடிவிட்டேன். ஒரே வரியைக் கொஞ்ச நேரத்தில் பல முறை ஒட்டுவது எந்திரக் கணக்குகள் செய்வது. தளத்தின் கண்ணுக்கு நான் அப்படித்தான் தெரிந்திருப்பேன். போதாக்குறைக்கு, மறுநாளே முன்பின் தெரியாத ஆப் ஒன்று என் கடவுச்சொல்லோடு உள்ளே நுழைந்திருக்கிறது.

விருப்பக்குறி போட முடிந்தது, தனிச்செய்தி போனது, பதிவும் போட முடிந்தது. கருத்து எழுதுவதில் மட்டும்தான் சிக்கல். தளத்தின் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் இப்படி ஒரு செயலோடு நின்றுவிடும் என்பதால், மற்றவை வேலை செய்வதைப் பார்த்துவிட்டு "என் கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது" என்று நம்பிவிடக்கூடாது. அமைப்புகளில் Account Status என்ற பக்கத்தையும் பார்த்தேன். குறை ஒன்றும் அதில் காட்டவில்லை. விதிமீறல் என்று பதிவானவை அங்கே வரும், இப்படித் தற்காலிகமாக வேகத்தைக் குறைப்பது வராமலும் போகலாம்.

கடவுச்சொல்லை மாற்றினேன். எல்லாச் சாதனங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றினேன். அந்த ஆப்பை நீக்கினேன். அப்புறம் மிகக் கஷ்டமான வேலை: மூன்று நாள் எங்கேயும் ஒரு வரிகூட எழுதாமல் இருந்தேன். சரியாகிவிட்டதா என்று மணிக்கொரு முறை எழுதிப் பார்ப்பதும் தளத்துக்கு அதே பழைய நடத்தையாகத்தான் தெரியும்.

வியாழக்கிழமை அதே சோதனையைத் திரும்பச் செய்தோம். ஓவியக் கணக்குகள் இரண்டிலும் என் வரி தம்பிக்குத் தெரிந்தது. கட்டுப்பாடு விலகிவிட்டது. தோழியின் பக்கத்தில் மட்டும் இன்னும் தெரியவில்லை.

இரண்டு காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கலாம் என்று நான் யோசிக்கவே இல்லை. முதல் சோதனையில் மூன்று இடத்திலும் மறைந்தது தளத்தின் கட்டுப்பாடு இருக்கிறது என்று காட்டியது, உண்மை. ஆனால் தோழியின் தடை இல்லை என்று அது காட்டவே இல்லை. பெரியது சின்னதை மூடியிருந்தது. பெரியது விலகும்வரை சின்னது இருக்கிறதா இல்லையா என்று அந்தச் சோதனையால் சொல்லியிருக்கவே முடியாது.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. குறிப்பிட்ட சொற்கள் உள்ள கருத்துகளை மறைக்கும்படி கணக்கு வைத்திருப்பவர் பட்டியல் போட்டுக்கொள்ளலாம். அப்படியானால் அது என்மேல் வைத்த தடை அல்ல, சொல்மேல் வைத்தது. இதைத் தீர்க்கப் புதிதாக எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை. அவள் படங்களைப் புதியதிலிருந்து பழையதை நோக்கி ஒவ்வொன்றாக இரண்டு போனிலும் திறந்து ஒப்பிட்டோம். ஐந்து படங்களில் என் வரி எனக்கு மட்டும் தெரிந்தது. ஐந்திலும் வேறு வேறு சொற்கள், பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை. ஆறாவது படத்திலும் அதற்கு முந்தையவற்றிலும் நான் எழுதியது இருவருக்கும் தெரிந்தது. மறைந்த ஐந்தில் மிகப் பழையது, நான் நன்றி ஒட்டிக்கொண்டிருந்த சனிக்கிழமைக்கு நான்கு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை எழுதியது. தளம் என்னைக் கட்டுப்படுத்துவதற்கு முன்பே அவள் பக்கத்தில் நான் மறையத் தொடங்கிவிட்டேன்.

அந்த ஆறாவது படம் ஒரு பாட்டியின் முகம். அதன் கீழே என் வரி எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது: "இடது கண் கொஞ்சம் மேலே போய்விட்டது, கவனிக்கவில்லையா?" அக்கறையோடு எழுதியதாகத்தான் அப்போது நினைத்தேன். இப்போது தம்பியின் போனில், மற்றவர்களின் பாராட்டுகளுக்கு நடுவே படித்தபோது அது வேறு மாதிரி ஒலித்தது.

தம்பி தன் கணக்கிலிருந்து அவளிடம் கேட்கட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். இன்னொரு கணக்கு திறந்து பேசுவதும், வேறொருவர் வழியாகப் போய்க் கேட்பதும் அவள் வைத்த கதவைச் சுற்றிக்கொண்டு போவதுதான். கண்ணைப் பற்றிய அந்த வரியை நீக்கினேன். எல்லோர் முன்னாலும் அப்படி எழுதியது தப்பு என்று ஒரே ஒரு தனிச்செய்தி அனுப்பினேன். அது அவளுடைய கோரிக்கைகள் பகுதியில் இருக்கும். அவள் படித்திருந்தாலும் என் பக்கம் எந்த அடையாளமும் வராது. அதனால் அந்த உரையாடலைத் திறந்து திறந்து பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.