இதயச் செயலிழப்பு: நீர் பிரிப்பிகளுக்கு அப்பாலுள்ள மூன்று மருந்துகளைத் தேர்வுக்குப் படித்த விதம்

பொது மருத்துவ முதுநிலைத் தேர்வுக்குப் படித்த காலத்தில், இதயச் செயலிழப்புக்கான மருந்துகளை வகை வகையாக மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு மருந்தையும் ஒரே கேள்வியின் முன் நிறுத்திப் படித்ததே எனக்குப் பெரிதும் உதவியது. இந்த மருந்து நோயாளியின் ஆயுளை நீட்டுகிறதா, அவர் மறுபடி மருத்துவமனையில் சேர்வதைத் தடுக்கிறதா, அல்லது மூச்சுத் திணறலை மட்டும் தணிக்கிறதா என்பதே அந்தக் கேள்வி. ஃப்யூரோசமைடு போன்ற நீர் பிரிப்பிகள் வீக்கத்தையும் மூச்சுத் திணறலையும் விரைவாகக் குறைக்கின்றன; ஆனால் அவை ஆயுளை நீட்டுவதாக எந்தப் பெரிய ஆய்வும் நிறுவவில்லை. வாய்மொழித் தேர்வில் அடுத்த கேள்வி பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்கும். இங்கே நான் எழுதுவது, இடது கீழறையின் வெளியேற்ற விகிதம் 40 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ உள்ளவர்களைப் பற்றி மட்டுமே.

முதலில் ஸ்பைரோனோலாக்டோன். இதையும் ஒரு நீர் பிரிப்பி என்றே பலர் விடை எழுதுகிறார்கள். இதயச் செயலிழப்பில் கொடுக்கப்படும் 25 மி.கி. அளவில் அது வெளியேற்றும் நீர் மிகக் குறைவு; பயன் வேறிடத்திலிருந்து வருகிறது. ஏசிஇ தடுப்பானைத் தொடர்ந்து கொடுத்தாலும், சில மாதங்களில் பலருக்கு அல்டோஸ்டிரோன் அளவு மீண்டும் உயர்ந்துவிடுகிறது. அது இதயத் தசையில் நார்த்திசுவை வளர்க்கிறது. பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் இழக்கச் செய்து லயக் கோளாறுகளுக்கு வழிவிடுகிறது. ஸ்பைரோனோலாக்டோன் தடுப்பது இதைத்தான். 1999-இல் வெளிவந்த ரேல்ஸ் ஆய்வில், கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் உயிரிழப்பு அபாயம் 30 சதவீதம் குறைந்தது. திடீர் மரணம், இதயம் படிப்படியாகத் தளர்ந்து நேரும் மரணம் ஆகிய இரண்டுமே குறைந்தன. ஆண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மார்பக வீக்கமோ வலியோ ஏற்பட்டது. அப்படி நேர்ந்தால், ஆண்ட்ரோஜன் ஏற்பியை அவ்வளவாகத் தொடாத எப்ளெரினோனுக்கு மாற்ற வேண்டும். லேசான அறிகுறி உள்ளவர்களுக்கும் எப்ளெரினோன் உயிரிழப்பைக் குறைக்கிறது என்பதை 2011-இல் எம்ஃபசிஸ் ஆய்வு காட்டியது.

இம்மருந்தின் ஆபத்து பொட்டாசியம் உயர்வு. ரேல்ஸ் முடிவு வெளியான பிறகு, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஸ்பைரோனோலாக்டோன் மருந்துச் சீட்டுகள் பெருகின. அதைத் தொடர்ந்து பொட்டாசியம் உயர்வுக்காக மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களின் எண்ணிக்கையும் பல மடங்கு கூடியது. ஆய்வில் இருந்ததைப் போன்ற கண்காணிப்பு நடைமுறையில் இருக்கவில்லை. இந்த ஒரு செய்தியை அறிந்தவர், தொடங்கும் முன் பொட்டாசியம் 5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதையும், ஒரு வாரத்திலும் நான்கு வாரத்திலும் மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் மறக்கமாட்டார். 5.5-ஐத் தாண்டினால் அளவைப் பாதியாக்க வேண்டும். 6-ஐத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது நெப்ரிலைசின் தடுப்பான். இதயம் இழுபடும்போது சுரக்கும் நாட்ரியூரெடிக் பெப்டைடுகள் குழாய்களை விரித்து, உப்பை வெளியேற்றி, நார்த்திசு வளர்ச்சியைத் தடுக்கின்றன. அவற்றைச் சிதைக்கும் நொதி நெப்ரிலைசின். சாக்யூபிட்ரில் அந்த நொதியைத் தடுக்கிறது. ஆனால் அதே நொதி ஆஞ்சியோடென்சின் இரண்டையும் சிதைப்பதால், அதை மட்டும் தடுத்தால் ஒரு கையால் கொடுத்ததை மறு கை பறித்துக்கொள்ளும். எனவே வால்சார்டனுடன் சேர்த்தே கொடுக்கிறார்கள். ஏசிஇ தடுப்பானுடன் ஏன் சேர்க்கவில்லை என்பது தேர்வாளர்களுக்குப் பிடித்த கேள்வி. பிராடிகைனினை நெப்ரிலைசினும் சிதைக்கிறது, ஏசிஇ நொதியும் சிதைக்கிறது. இரண்டையும் ஒருசேர அடைத்தால் முகமும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைபடலாம். இரண்டையும் ஒரே மாத்திரையில் தடுத்த ஒமாபாட்ரிலாட் இந்தக் காரணத்தாலேயே கைவிடப்பட்டது.

2014-இல் வெளிவந்த பாரடைம் ஆய்வின் சிறப்பு, இம்மருந்தை வெற்று மாத்திரையோடு ஒப்பிடாமல், ஏற்கெனவே ஆயுளை நீட்டுவதாக நிறுவப்பட்ட எனாலாப்ரிலோடு ஒப்பிட்டது. அதைவிடவும் இதய-இரத்தக்குழாய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. இதயச் செயலிழப்புக்கான சேர்க்கையும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது. இரத்த அழுத்தத் தாழ்வு மட்டும் இதில் அதிகமாக இருந்தது. இம்மருந்து எடுப்பவரிடம் பி.என்.பி. உயரக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நெப்ரிலைசின் சிதைக்காத என்டி-புரோ-பி.என்.பி.யைப் பார்த்தே முன்னேற்றத்தை மதிப்பிட வேண்டும்.

மூன்றாவதான இவாப்ராடினில்தான் பலருக்கு மதிப்பெண் குறைகிறது என்று கருதுகிறேன். இது சைனஸ் கணுவின் 'ஃபன்னி' மின்னோட்டத்தைக் குறைத்து நாடித் துடிப்பை மட்டும் மெதுவாக்குகிறது; இதயத்தின் சுருங்கும் வலிமையையோ இரத்த அழுத்தத்தையோ தொடுவதில்லை. 2010-இல் வெளிவந்த ஷிஃப்ட் ஆய்வில், இதய-இரத்தக்குழாய் மரணமும் இதயச் செயலிழப்புச் சேர்க்கையும் இணைந்த முடிவு 18 சதவீதம் குறைந்தது. 'மரணத்தையும் சேர்க்கையையும் குறைக்கிறது' என்று இதை எழுதிவிடக் கூடாது. பிரித்துப் பார்த்தால், குறைந்தது பெரும்பாலும் சேர்க்கை, அதாவது 26 சதவீதம். மொத்த இதய-இரத்தக்குழாய் மரணத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அந்த ஆய்வில் இருந்தவர்களில் ஏறத்தாழ கால்பங்கினர் மட்டுமே பீட்டா தடுப்பானின் இலக்கு அளவை எட்டியிருந்தார்கள். ஆயுளை நீட்டும் பீட்டா தடுப்பானைத் தாங்கும் அளவு வரை உயர்த்திய பிறகே இவாப்ராடினுக்கு இடம் என்பது இதனால்தான்.

இனி ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். 56 வயது ஆண், பழைய மாரடைப்பு, வெளியேற்ற விகிதம் 28 சதவீதம், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரத்த அழுத்தம் 112/70, சைனஸ் லயத்தில் நாடி 84, பொட்டாசியம் 4.4, கிரியாட்டினின் 1.2. எனாலாப்ரில் 5 மி.கி. இருவேளை, கார்வெடிலால் 6.25 மி.கி. இருவேளை, ஃப்யூரோசமைடு 40 மி.கி. எடுத்துவருகிறார்.

பொட்டாசியமும் சிறுநீரகமும் இடம் தருவதால் ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி. சேர்க்கலாம். ஒரு வாரம் கழித்து பொட்டாசியம் 4.9 என்றால் தொடரலாம். பிறகு எனாலாப்ரிலை மாற்ற வேண்டும்: கடைசி மாத்திரை திங்கள் இரவு 8 மணிக்கு என்றால், 36 மணி நேர இடைவெளி விட்டு, சாக்யூபிட்ரில்-வால்சார்டனின் முதல் மாத்திரையைப் புதன் காலை 8 மணிக்கே கொடுக்கலாம். இவர் எடுத்தது குறைந்த அளவு எனாலாப்ரில் என்பதால் 50 மி.கி. இருவேளையில் தொடங்கி, அழுத்தம் தாங்கினால் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி, 200 மி.கி. இருவேளையை நோக்கிச் செல்ல வேண்டும். இடையில் தலைசுற்றல் வந்து, உடலில் வீக்கமும் இல்லையென்றால், முதலில் குறைக்க வேண்டியது ஃப்யூரோசமைடைத்தான். ஆயுளை நீட்டும் மருந்தை அல்ல. எம்பாகிளிஃப்ளோசின் அல்லது டாபாகிளிஃப்ளோசினையும் இவருக்குச் சேர்க்க வேண்டும் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். அது தனியே எழுத வேண்டிய பொருள்.

இதோடு கார்வெடிலாலையும் உயர்த்துகிறோம். 12.5 மி.கி.யைத் தாண்டினால் அழுத்தம் 90-க்குச் சரிந்து மயக்கம் வருகிறது. நாடியோ இன்னும் 76. இங்கேதான் இவாப்ராடின் 5 மி.கி. இருவேளை பொருந்துகிறது. இரண்டு வாரம் கழித்து நாடி 60-க்கு மேல் இருந்தால் 7.5 மி.கி., 50-க்குக் கீழே போனால் 2.5 மி.கி.; இடைப்பட்டிருந்தால் அதே அளவு. பார்வையில் சில நேரம் ஒளிப் புள்ளிகள் தோன்றலாம் என்று முன்பே சொல்லிவைக்க வேண்டும். விழித்திரையிலும் இதையொத்த மின்னோட்டம் இருப்பதே காரணம்.

தேர்வாளர் இத்தோடு விடமாட்டார். ஆறு மாதம் கழித்து இதே நோயாளி 104 என்ற ஒழுங்கற்ற நாடியுடன் வந்தால், இவாப்ராடின் அளவைக் கூட்டுவீர்களா என்று கேட்பார். முதலில் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்றால், துடிப்பைத் தீர்மானிப்பது இப்போது சைனஸ் கணு அல்ல. இவாப்ராடினுக்கு அங்கே வேலையே இல்லை, அதோடு அந்த லயக் கோளாறு வரும் வாய்ப்பையும் அது சற்று கூட்டுகிறது. எனவே அதை நிறுத்திவிட்டு, இரத்த உறைவு எதிர்ப்பியைத் தொடங்கி, வேகத்தைக் கட்டுப்படுத்த பீட்டா தடுப்பானையும், தேவைப்பட்டால் குறைந்த அளவு டிகாக்சினையும் நாட வேண்டும். டில்டியாசமும் வெராப்பமிலும் இவருடைய வெளியேற்ற விகிதத்துக்கு ஆகாதவை.