பாப்பாவின் முழங்கால்

ஏப்ரல் 14, யாங்கோன், இரவு

சித்திரைப் பிறப்பும் தண்ணீர்த் திருவிழாவும் சேர்ந்து வந்த நாள். நேற்று வாசலில் வழுக்கி விழுந்த பாப்பாவுக்கு (இரண்டரை வயது) இன்று வலது முழங்கால் வீங்கியிருக்கிறது. "விழுந்த வீக்கம்தாம்மா, ரெண்டு நாள்ல வத்திடும்" என்று அத்தை தனகா மரப்பட்டையை அரைத்துப் பூசினார்.

ராத்திரி காய்ச்சல் 39.2. தனகாவைத் துடைத்துவிட்டுப் புறங்கையை இரண்டு முழங்காலிலும் வைத்துப் பார்த்தேன். வலது மட்டும் கொதித்தது. காலை மடக்கியே வைத்திருக்கிறாள், கொஞ்சம் நீட்டினாலும் அலறுகிறாள். விழுந்த அடி என்றால் இவ்வளவு காய்ச்சல் எதற்கு? விடியும்வரை காத்திருக்க மனம் வரவில்லை, கிளம்பிவிட்டோம்.

ஏப்ரல் 15, ஆஸ்பத்திரி

வழியில் திறந்திருந்த கிளினிக்கில், ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்து லீவு முடிந்து வரச் சொன்னார்கள். நான் அதைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் காய்ச்சல் தணிந்ததுபோல் காட்டியிருக்கும், கிருமியும் பரிசோதனையில் சிக்காமல் போயிருக்கலாம் என்று இங்கே எலும்பு டாக்டர் சொன்னார்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்குமாம், அதை நம்பி வீட்டுக்கு அனுப்பக்கூடாதாம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு 94, ஸ்கேனில் மூட்டுக்குள் நீர். மயக்கம் கொடுத்து ஊசியால் எடுத்தார்கள். வெளிர் மஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டிய நீர், கலங்கிச் சீழாக வந்தது.

காயமே இல்லாமலும் கிருமி ரத்தம் வழியாக மூட்டுக்குள் இறங்கிவிடுமாம். அதை எதிர்க்க வரும் வெள்ளணுக்கள் விடுகிற நொதிகளே எலும்பு முனையிலுள்ள குருத்தெலும்பை அரிக்கத் தொடங்கும். குருத்தெலும்புக்குத் தனி ரத்த ஓட்டம் கிடையாது, போனால் பழையபடி வளராது. சீழ் உள்ளே நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் அந்த அரிப்பு நடக்கிறது. மருந்து மட்டும் போதாது, சீழை வெளியேற்றியே ஆக வேண்டும் என்றார். இடுப்பு மூட்டாக இருந்திருந்தால் வீக்கமே வெளியில் தெரியாதாம், பிள்ளை காலை ஊன்றாமல் அழும், அவ்வளவுதான். அங்கே சீழின் அழுத்தம் தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்தத்தையே அடைத்துவிடும்.

நீரை லேபுக்கு அனுப்பியதும், முடிவுக்குக் காத்திராமல் டிரிப்பில் மருந்து ஏற்றினார்கள். மதியம் தியேட்டரில் மூட்டைக் கழுவினார்கள்.

ஏப்ரல் 17

கிருமி ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று லேப் சொல்லிவிட்டது, ஏறுகிற மருந்துக்கு அது கட்டுப்படுகிறதாம். காய்ச்சல் 37.6, சி.ஆர்.பி. 51. இறங்காமல் நின்றிருந்தால் இன்னொரு முறை கழுவ வேண்டியிருக்கும். இன்னும் சில நாள் டிரிப், அப்புறம் வாய்வழி மருந்து, எல்லாம் சேர்த்து மூன்று வாரம். நன்றாகத் தெரிகிறாள் என்று நடுவில் நிறுத்தவே கூடாது.

ஏப்ரல் 20

காலையில் அத்தை இட்லி கொண்டுவந்தார். அவரைப் பார்த்ததும் பாப்பா கட்டிலோரத்துக்கு நகர்ந்து, வலது காலைத் தானாகவே நீட்டினாள். அத்தை அழுதுவிட்டார்.