செல்லரித்துப் போன இரண்டு பக்கங்களை அதே அளவில் தட்டச்சு செய்த கதை

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் பெரியப்பா வீட்டில் ஒரு பழைய கும்மிப் பாட்டுப் புத்தகம் உண்டு. எங்கள் ஊர் அம்மன் கொடைக்காக எப்போதோ அச்சுக் கோத்து அடித்தது. அதை ஸ்கேன் செய்து அப்படியே மறுபதிப்பாகக் கொண்டுவர வேண்டும் என்று சென்ற வருடக் கொடையின்போது பேச்சு வந்தது. எல்லாப் பக்கமும் சரியாக இருந்தது, இரண்டைத் தவிர. அவை செல்லரித்துப் போயிருந்தன. பாட்டின் வரிகள் வேறொரு வீட்டில் மங்கலான ஜெராக்ஸாகக் கிடைத்தன. படிக்கலாம், அச்சிட முடியாது. ஆகவே அந்த இரண்டு பக்கத்தை மட்டும் புதிதாகத் தட்டச்சு செய்து, ஸ்கேன் பக்கங்களுக்கு நடுவே தெரியாதபடி வைக்க வேண்டும். வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் பெரியப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய பக்கப் படத்தை வைத்தே அளந்தேன். ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடி வரை 31.6 பிக்சல். மென்பொருள் அந்தப் படத்தை அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று காட்டியது. ஒரு அங்குலத்துக்கு 72 பாயிண்ட் என்பதால், வரி உயரம் 31.6 பாயிண்ட் என்று எடுத்துக்கொண்டு அடித்து, திருநெல்வேலி டவுனில் அச்சகம் வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் இளவயதில் அச்சுக் கோத்தவர். தாளைப் பார்த்ததும், "என்னடே இது, புஸ்தகமா, போஸ்டரா?" என்றார்.

தவறு எங்கே என்று வீட்டுக்கு வந்துதான் புரிந்தது. அந்த 72 என்பது யாரும் அளந்து சொன்ன எண் அல்ல. படத்தில் அளவு பற்றிய தகவல் இல்லாதபோது மென்பொருள் தானாகப் போட்டுக்கொள்வது. உண்மையான தாளின் அகலம் 14 செ.மீ., அதாவது 5.51 அங்குலம். படத்தில் அது 900 பிக்சல். அப்படியானால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 163 பிக்சல்தான் சரி. 31.6-ஐ 163-ஆல் வகுத்து 72-ஆல் பெருக்கினால் சுமார் 14 பாயிண்ட் வருகிறது. புத்தகம் என்றால் இதுதானே நியாயம்.

இருந்தாலும் போன் படத்தில் ஓரங்கள் வளைந்திருக்கும் என்பதால் புத்தகத்தையே வாங்கி வந்து 300 டி.பி.ஐ.-யில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சலில், ஸ்கேன் செய்தேன். பக்கத்தோடு ஒரு பள்ளிக்கூட ஸ்கேலையும் சேர்த்து வைத்தேன். 10 செ.மீ.க்கு 1181 பிக்சல் வர வேண்டும், 1180 வந்தது. அதன் பிறகுதான் எண்களை நம்பினேன்.

வரி உயரத்துக்கு ஒரே ஒரு இடைவெளியை அளப்பது வீண். ஒரு பிக்சல் பிசகினாலும் கால் பாயிண்ட் தவறிவிடும். பக்கத்தில் 31 வரி இருந்தது. முதல் வரியின் அடியிலிருந்து கடைசி வரியின் அடி வரை 1744 பிக்சல். நடுவில் இருப்பவை 30 இடைவெளிகள் (31-ஆல் வகுத்து ஒருமுறை ஏமாந்தேன்). கணக்கு இப்படி:

```
1744 / 30 = 58.13 px
58.13 × 72 / 300 = 13.95 pt
```

பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தால், மேலே இடது ஓரத்திலும் கீழே வலது ஓரத்திலும் அளந்து விடக்கூடாது. ஒரு டிகிரி சாய்வு 1000 பிக்சல் அகலத்தில் 17 பிக்சல் தள்ளிவிடும். இரண்டையும் இடது ஓரத்திலேயே எடுத்தேன்.

14 வரும் என்று நினைத்தால் ஏன் 13.95? அண்ணாச்சியிடம் கேட்டேன். "பன்னெண்டு பாயிண்ட் டைப்பு, நடுவுல ரெண்டு பாயிண்ட் லெட்டு. மொத்தம் பதினாலுதான்" என்றார். லெட்டு என்பது வரிகளுக்கு நடுவே செருகும் ஈயத் தகடு. அவர் சொன்னதும் சரி, என் அளவும் சரி. பழைய அச்செழுத்து பாயிண்ட் இன்றைய கணினி பாயிண்டைவிடக் கொஞ்சம் சின்னது. அதில் அங்குலத்துக்கு 72.27. அந்தக் கணக்கில் பழைய 14 இன்றைய 13.95 ஆகிறது. தாள் சுருங்கியதாலும் இப்படி வரலாம். காரணம் எதுவானாலும், நான் பொருந்த வேண்டியது ஸ்கேனோடு என்பதால் 13.95-ஐயே வைத்துக்கொண்டேன்.

எழுத்தின் அளவுதான் சிக்கல். 12 பாயிண்ட் டைப் என்றால் எழுத்துருவிலும் 12 போட வேண்டியதுதானே என்று தோன்றும். அந்த 12 ஈயத் துண்டின் உயரம். எழுத்து அதற்குள் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். அதனால் ஏதாவது ஒரு எழுத்தின் உயரத்தை இரண்டு பக்கத்திலும் அளந்து ஒப்பிட வேண்டும். நான் எடுத்தது 'ப'. அடி தட்டை, மேலே கொம்பு இல்லை, கீழே வால் இல்லை. 'ழ', 'கீ' போன்றவை இதற்கு ஆகாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு அச்சான புத்தகம் என்பதால் 'னை', 'லை' எல்லாம் பழைய தும்பிக்கை வடிவில் இருந்தன. அவை வரும் சொற்களையும் அளவுக்கு எடுக்கவில்லை.

300 டி.பி.ஐ. ஸ்கேனில் 'ப' ஓரிடத்தில் 25, இன்னோரிடத்தில் 27 பிக்சல். மை பரவியிருக்கும் அச்சில் விளிம்பு எங்கே முடிகிறது என்பதே சந்தேகம். அந்த இரண்டு பிக்சல் வித்தியாசத்தில் விடை 11.3-இலிருந்து 12.2 வரை ஆடுகிறது. ஆகவே பக்கத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் 1200 டி.பி.ஐ.-யில் மறுபடி ஸ்கேன் செய்து, இருபது 'ப'க்களை அளந்து சராசரி எடுத்தேன்: 102 பிக்சல், அதாவது 6.12 பாயிண்ட். நான் தேர்ந்த எழுத்துருவில் 'ப'வை 100 பாயிண்டில் வைத்து அளந்தால் 53 பாயிண்ட் உயரம். 6.12-ஐ 0.53-ஆல் வகுத்தால் 11.55. வேர்டில் எழுத்தளவு அரைப் பாயிண்ட் படிகளில்தான் போகும் என்பதால் 11.5.

அடுத்து அகலம். முழு வரியை அளந்தால் ஏமாறுவோம். இரு ஓரமும் சமமாக இருக்கச் சொல் இடைவெளியை இழுத்திருப்பார்கள். அதனால் 'தாமிரபரணி' என்ற ஒரு சொல்லை எடுத்தேன். 'தா'வின் இடது விளிம்பிலிருந்து 'ணி'யின் இடது விளிம்பு வரை. இரண்டு முனையிலும் இடது விளிம்பே என்பதால், மை பரவியதன் பிழை கழிந்துவிடுகிறது. ஸ்கேனில் 268, என்னுடையதில் 274. என் எழுத்துரு சற்று அகலம். எழுத்தளவைக் குறைத்தால் உயரம் கெடும். ஆகவே வேர்டின் `Scale`-ஐ 98% ஆக்கினேன்.

வரி இடைவெளி `Single`-இல் இருந்தபோது 31 வரிக்கு 25 வரிதான் கொண்டது. எழுத்துருவுக்குள் மேலும் கீழும் ஒதுக்கியிருக்கும் இடத்தை அது சேர்த்துக்கொள்கிறது. `Exactly` வைத்து 13.95 கொடுத்தபின் சரியானது. திரையில் 'கீ'யின் சுழி வெட்டுப்படுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

சோதிக்க, பி.டி.எஃப். ஆக்கி அதே 300-இல் படமாக மாற்றினேன்:

```
pdftoppm -r 300 -png pakkam.pdf pakkam
```

ஜிம்ப் என்ற பட மென்பொருளில் பக்கத்து ஸ்கேன் பக்கத்தின் மேல் இதைப் பாதி ஒளிபுகும்படி வைத்து, முதல் வரியைப் பொருத்திவிட்டுக் கடைசி வரிக்குப் போனேன். ஆசைக்கு 14 பாயிண்டிலும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். கடைசி வரி 6 பிக்சல், அதாவது அரை மில்லிமீட்டர் கீழே இறங்கியது. 13.95-இல் ஒரு பிக்சல்கூட இல்லை.

அச்சகத்தில் முதல் பிரதி சிறுத்து வந்தது. அச்சிடும்போது தாளுக்குப் பொருத்து என்ற தேர்வு விழுந்திருந்தது. `Actual size` மாற்றியதும் சரி. அண்ணாச்சி பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் என் பக்கத்தில் நின்றுவிட்டார். "அளவு சரிதான். எழுத்துதான் நோஞ்சானா இருக்கு." மை பரவாத எழுத்து அப்படித்தான் மெலிந்து தெரியும். கோட்டைச் சுற்றி மெல்லிய விளிம்பு கொடுத்துக் கொஞ்சம் தடிக்க வைத்தேன். இப்போதும் அவருக்குத் தெரிகிறது; பெரியப்பாவுக்கு இன்னும் தெரியவில்லை.